50,000 பேசிய சம்பளம், 42,798 வந்த சம்பளம்: முதல் பே ஸ்லிப்பைப் புரிந்துகொள்ளும் முறை

சென்னையில் பல வருடங்கள் பேரோல் பிரிவில் வேலை பார்த்தேன். ஜூலை மாதச் சம்பளம் போட்ட மறுநாள், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக என் மேசைக்கு வருவார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "சார், வருடத்துக்கு 6 லட்சம் என்றுதானே ஆஃபர் லெட்டரில் போட்டிருந்தது? 12-ஆல் வகுத்தால் 50,000 வரணும். எனக்கு 42,798 தான் வந்திருக்கு. மீதி எங்கே சார் போச்சு?"

கேட்பதில் தப்பே இல்லை. ஊரில் அம்மாவிடம் 50,000 என்று சொல்லிவிட்டு, வேளச்சேரியில் அறை வாடகையும் அட்வான்ஸும் அந்தக் கணக்கை வைத்தே பேசி முடித்திருப்பார்கள். அதனால் அந்த 7,202 ரூபாய் எங்கே போனது என்பதை இங்கே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். பே ஸ்லிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போகலாம்: இந்தப் பணம் இப்போது யாருடையது?

படி 1: ஆஃபர் லெட்டரின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பே ஸ்லிப்பைப் பார்ப்பதற்கு முன்னால் ஆஃபர் லெட்டரின் கடைசித் தாளைப் பாருங்கள். சம்பளப் பிரிப்பு அங்கேதான் இருக்கும். 6 லட்சம் என்பது சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் ஒரு வருடத்தில் செய்யும் மொத்தச் செலவு. உங்கள் கைக்கு வராத செலவும் அதில் சேர்ந்திருக்கும்.

நம் உதாரணத்தில் ஒரு பெண் சோழிங்கநல்லூரில் உள்ள அலுவலகத்தில் ஜூலை 1 அன்று சேர்கிறார். இதுதான் அவருக்கு முதல் வேலை. அவருடைய மாதக் கணக்கு இது:

| விவரம் | மாதத்துக்கு ரூபாய் |
|---|---|
| பேசிக் | 25,000 |
| வீட்டு வாடகைப் படி | 12,500 |
| சிறப்புப் படி | 8,298 |
| கிராஸ் சம்பளம் | 45,798 |
| நிறுவனம் கட்டும் பிஎஃப் | 3,000 |
| கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது | 1,202 |
| சிடிசி | 50,000 |

பே ஸ்லிப் 45,798-இல்தான் தொடங்குகிறது. அதற்கு மேலே இருக்கும் 4,202 ரூபாய் பெரும்பாலான பே ஸ்லிப்புகளில் தென்படவே தென்படாது. அதைத் தேடித்தான் பிள்ளைகள் குழம்புவார்கள். அது பிடித்தமே இல்லை. சம்பளம் என்ற கணக்குக்குள் வருவதற்கு முன்பே பிரிந்துபோன தொகை.

சில நிறுவனங்கள் தங்கள் பங்கு பிஎஃப்பை வருமானப் பக்கத்தில் காட்டி, அதையே பிடித்தப் பக்கத்தில் கழிப்பதும் உண்டு. அப்படி இருந்தால் பிஎஃப் இரண்டு முறை பிடிக்கப்பட்டதுபோலத் தெரியும். வருமானப் பக்கத்திலும் அதே தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கணக்கு சரி. இல்லாமல், பிடித்தப் பக்கத்தில் மட்டும் இரண்டு பிஎஃப் இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள். நிறுவனத்தின் பங்கை உங்கள் கிராஸ் சம்பளத்திலிருந்து எடுக்கக் கூடாது.

படி 2: பிஎஃப், வேறு இடத்தில் இருக்கும் உங்கள் பணம்

பேசிக்கில் 12 சதவீதம் உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. அகவிலைப்படி உண்டென்றால் அதையும் பேசிக்கோடு கூட்டிக்கொள்ள வேண்டும். நம் உதாரணத்தில் 25,000-க்கு 3,000. நிறுவனமும் தன் பங்காக 3,000 போடுகிறது. ஆக மாதம் 6,000 ரூபாய் உங்கள் பெயரில் வருங்கால வைப்பு நிதியில் சேர்கிறது. உங்கள் பங்கு மட்டுமல்ல, நிறுவனத்தின் பங்கும் முதல் மாதத்திலிருந்தே உங்களுடையது. இரண்டே மாதத்தில் வேலையை விட்டாலும் நிறுவனம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. 2024–25க்கு இந்தப் பணத்துக்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்தார்கள். வட்டியை மாதாமாதம் கணக்கிட்டு, வருடம் முடிந்த பிறகு மொத்தமாக வரவு வைப்பார்கள். அது தாமதமாக ஏறினாலும் உங்களுக்கு நஷ்டம் கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் 12 சதவீதமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி போவதில்லை. சட்டத்தில் 15,000 ரூபாய் என்ற வரம்பு ஒன்று உண்டு. பேசிக் அதற்குள் இருந்தால், நிறுவனத்தின் பங்கிலிருந்து 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும். உதாரணமாக 14,000 பேசிக் வாங்குபவருக்கு நிறுவனம் போடுவது 1,680. அதில் 1,166 பென்ஷனுக்குப் போகிறது, 514 மட்டும் பிஎஃப்பில் சேர்கிறது. பாஸ்புக்கில் தன் பங்கு 1,680 என்றும் கம்பெனி பங்கு 514 என்றும் பார்த்தவுடன் "கம்பெனி ஏமாத்திட்டாங்க" என்று ஓடி வருவார்கள். பக்கத்தில் இருக்கும் பென்ஷன் பத்தியையும் கூட்டினால் கணக்கு நேராகிவிடும்.

நம் உதாரணப் பெண்ணின் நிலை வேறு. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாக பிஎஃப்பில் சேர்பவர், சேரும்போதே 15,000-க்கு மேல் பேசிக் வாங்கினால், அவரைப் பென்ஷன் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. நிறுவனத்தின் 3,000 முழுவதும் பிஎஃப்புக்கே போக வேண்டும். அவருடைய பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி பூஜ்யமாக இருக்க வேண்டும். அங்கே 1,250 என்று ஏறிக்கொண்டிருந்தால் அது தவறு. பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏற்றிவிடும் பேரோல் பிரிவுகள் இருக்கின்றன. அப்போது யாருக்கும் வலிக்காது. நான்கைந்து வருடம் கழித்துக் கணக்கை மாற்றும்போதோ பணம் எடுக்கும்போதோ விண்ணப்பம் நின்றுவிடும். அதற்குள் பழைய நிறுவனத்தில் உங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். முதல் இரண்டு மாதத்திலேயே பார்த்துவிட்டால் ஒரு மெயிலோடு முடிந்துவிடும்.

அதே பெண் முன்பு எங்கேயாவது 13,000 பேசிக்கில் வேலை பார்த்து, பென்ஷன் திட்டத்தில் இருந்திருந்தால் கதை மாறும். ஏற்கெனவே உறுப்பினர் என்பதால், இப்போது பேசிக் எவ்வளவு இருந்தாலும் மாதம் 1,250 பென்ஷனுக்குப் போகும். சேரும் அன்று கையெழுத்து வாங்கும் கட்டுத்தாள்களில் படிவம் 11 என்று ஒன்று இருக்கும். முன்பு பிஎஃப்பில் இருந்தீர்களா, பென்ஷன் திட்டத்தில் இருந்தீர்களா என்று அதில் கேட்டிருப்பார்கள். உண்மையான பதிலைப் போடுங்கள். "பழைய கம்பெனி சின்னது, மூன்று மாதம்தான் இருந்தேன்" என்று நினைத்து இல்லை என்று போட்டுவிடாதீர்கள்.

பிஎஃப் வரம்பு: சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி

சில நிறுவனங்கள் முழு பேசிக்கில் 12 சதவீதம் போடாமல், 15,000-க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 போடும். சட்டப்படி அது சரிதான். நம் உதாரணத்திலேயே அப்படிச் செய்தால் கிராஸ் 46,998 ஆகும். உங்கள் பங்கு 1,800 போக 45,198 கைக்கு வரும். முன்பைவிட 2,400 ரூபாய் கூடுதலாகத் தெரியும். அந்த 2,400 புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. உங்கள் சேமிப்புக்குப் போக வேண்டியது கைக்கு வந்திருக்கிறது. எது வேண்டும் என்று தேர்வு கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு, கொடுக்காதவையும் உண்டு.

முதல் வேலையிலேயே 15,000-க்கு மேல் பேசிக் வாங்குபவர் பிஎஃப்பே வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருக்கிறது. சேரும்போது மட்டும்தான் அப்படிச் சொல்ல முடியும். ஒருமுறை உறுப்பினர் ஆகிவிட்டால், வேலையில் இருக்கும்வரை நிறுத்த முடியாது. என்னைக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள் என்பேன். கைக்கு வரும் பணம் சென்னையில் செலவாகிவிடும். கைக்கு வராமல் சேர்ந்த பணத்தை வைத்துத் தங்கை கல்யாணத்தை நடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்

பே ஸ்லிப்பில் 3,000 என்று அச்சடித்திருப்பது, பிடித்தார்கள் என்பதற்குத்தான் சாட்சி. கட்டினார்கள் என்பதற்குச் சாட்சி பாஸ்புக்தான். ஜூலை மாதப் பிடித்தத்தை நிறுவனம் ஆகஸ்ட் 15-க்குள் கட்ட வேண்டும். பாஸ்புக்கில் ஏறச் சில நாள் பிடிக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

பார்ப்பதற்கு உங்கள் யுஏஎன் எண் வேண்டும். 12 இலக்கம் கொண்ட இந்த எண் வாழ்நாளுக்கு ஒன்றுதான். நிறுவனம் மாறினாலும் மாறாது. முதல் முறை சேர்பவர்கள் உமங் செயலியில் முகத்தைக் காட்டி இதை உருவாக்கிக்கொள்ளும் முறை 2025 ஆகஸ்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. எண்ணைச் செயல்படுத்திய பிறகு passbook.epfindia.gov.in தளத்தில் பாஸ்புக்கைப் பார்க்கலாம். இணையம் சரியாக இல்லை என்றால், பதிவு செய்த மொபைலிலிருந்து 7738299899-க்கு இப்படி ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் விவரம் தமிழிலேயே வரும்:

```
EPFOHO UAN TAM
```

இரண்டு மாதமாகப் பிடித்தும் பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால், முதலில் பேரோல் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். உங்கள் எண்ணோ பெயரோ பொருந்தாமல் நின்றிருக்கலாம். மழுப்பலான பதில் வந்தாலோ, பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் ஏறவில்லை என்றாலோ, epfigms.gov.in தளத்தில் புகார் போடலாம். சென்னையில் பிஎஃப் அலுவலகங்கள் ராயப்பேட்டை, அம்பத்தூர், தாம்பரம் ஆகிய இடங்களில் இருக்கின்றன. உங்கள் நிறுவனம் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பது பிஎஃப் எண்ணின் முன்னெழுத்துகளிலேயே தெரியும்.

நம் ஊர் இனிஷியல் தரும் தலைவலி

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே உள்ள சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் கவிதா எம் என்று இருக்கும். ஆதாரில் வெறும் கவிதா. பான் கார்டில் அப்பா பெயரையும் சேர்த்து கவிதா முருகேசன் என்று அச்சாகியிருக்கும், ஏனென்றால் அங்கே குடும்பப் பெயரை விரித்து எழுதச் சொல்கிறார்கள். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று பேர்.

பிஎஃப் கணக்கு ஆதாரை வைத்துத்தான் நடக்கிறது. பான் பெயர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பான் இணைப்பு நிராகரிக்கப்படும். பான் இணையாமல் பிற்பாடு பணம் எடுத்தால் வரிப் பிடித்தம் அதிகமாகும். வேலையில் சேரும் முன்பே, மூன்று அட்டையையும் வரிசையாக வைத்துப் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பான் பெயரை ஆதாரில் உள்ளபடி திருத்திக்கொள்வது, அல்லது ஆதாரைத் திருத்துவது, எதுவாக இருந்தாலும் இப்போதே செய்துவிடுங்கள். பிஎஃப் கணக்கிலேயே தவறாக ஏறிவிட்டால், நீங்களும் நிறுவனமும் சேர்ந்து கூட்டு அறிவிப்பு என்ற திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருக்கும். வேலையில் இருக்கும்போது அது சுலபம். நிறுவனத்தை விட்டுப் போன பிறகு அதே கையெழுத்துக்காக நடையாய் நடக்க வேண்டிவரும்.

அதே உட்காரலில் நாமினி பெயரையும் போட்டுவிடுங்கள். பிஎஃப்போடு ஒட்டி ஒரு காப்பீடும் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது உயிரிழந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். அதற்கு உங்களிடமிருந்து ஒரு ரூபாயும் பிடிப்பதில்லை. கல்யாணம் ஆனால் பழைய பிஎஃப் நாமினேஷன் செல்லாது, மறுபடி போட வேண்டும்.

படி 4: கிராஜுவிட்டி, இன்னும் உங்களுடையது ஆகாத பணம்

இப்போது அந்த 1,202 ரூபாய்க்கு வருவோம். பிஎஃப் மாதிரி இதுவும் எங்கோ என் பெயரில் சேர்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் பெயரில் கணக்கு எதுவும் கிடையாது. நிறுவனம் பிற்பாடு உங்களுக்குக் கொடுக்க நேரலாம் என்று தன் கணக்கில் ஒதுக்கும் செலவு அது. ஐந்து வருடத்துக்கு முன்னால் நீங்களாக ராஜினாமா செய்தால், அந்தப் பணம் உங்களுக்கு வராது.

1,202 எப்படி வந்தது? முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்பது கிராஜுவிட்டிச் சட்டத்தின் கணக்கு. மாதத்தில் வேலை நாள் 26 என்று எடுத்துக்கொள்கிறார்கள். 25,000 பேசிக்கை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 14,423. அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் 1,202. ஆஃபர் லெட்டர்களில் பேசிக்கில் 4.81 சதவீதம் என்று போடுவதும் இதே கணக்குதான்.

ஆனால் பணத்தைக் கொடுக்கும்போது, ஒதுக்கிய தொகையைக் கூட்டிக் கொடுப்பதில்லை. கடைசியாக வாங்கிய பேசிக்கை வைத்து முழுக் காலத்துக்கும் கணக்கிடுவார்கள். நம் பெண் ஐந்து வருடம் முடித்து, அப்போது அவர் பேசிக் 40,000 ஆகியிருந்தால்:

```
40,000 × 15 × 5 ÷ 26 = 1,15,385
```

கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அதையும் ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். வேலையை விட்ட பிறகு 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 20 லட்சம் வரை வருமான வரியும் இல்லை.

ஐந்து வருடம் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. நான்கு வருடம் முடித்து, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்துவிட்டால் அதுவே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடங்களுக்கு 240-க்குப் பதில் 190 நாள் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் எல்லா நிறுவனமும் இதைக் கேட்டவுடன் ஒப்புக்கொள்வதில்லை. தொழிலாளர் துறை வரை போக வேண்டிவரலாம். இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால், புது நிறுவனத்தில் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டு, ஐந்தை முடித்துவிட்டுப் போவதே நல்லது என்று நான் சொல்வேன்.

ஐந்து வருடம் தேவைப்படாத இடங்களும் உண்டு. வேலையில் இருக்கும்போது மரணமோ, வேலை செய்ய முடியாத ஊனமோ நேர்ந்தால் கால வரம்பு இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு எடுக்கப்பட்ட ஊழியருக்கு ஒரு வருடம் முடித்தாலே அதற்கேற்ற கிராஜுவிட்டி உண்டு. உங்கள் நியமனக் கடிதத்தில் வேலை முடியும் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் இது உங்களுக்கானது.

அதே சட்டத் தொகுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், அந்தக் கூடுதல் பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். பேசிக்கை 30 சதவீதத்தில் வைத்து மீதியைப் படியாகக் கொடுத்துவந்த நிறுவனங்கள் இதனால் சம்பளப் பிரிப்பை மாற்றுகின்றன. கிராஸில் பாதிக்கு மேல் பேசிக் இருக்கும் நம் உதாரணத்துக்கு இதனால் மாற்றம் இல்லை.

நடைமுறையில் இதை எப்படிப் பயன்படுத்துவது? இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது இரண்டிலும் கிராஜுவிட்டியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். 6 லட்சத்தில் 14,423-ஐக் கழித்தால் 5,85,577. ஐந்து வருடம் இருப்பேனா என்று தெரியாத வயதில், கையிலோ கணக்கிலோ உறுதியாக வரும் தொகை அதுதான். பே ஸ்லிப்பின் பிடித்தப் பக்கத்தில் கிராஜுவிட்டி என்று ஒரு தொகை கழிக்கப்பட்டிருந்தால், கிராஸ் சம்பளத்தில் அது முன்பே கூட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஊழியரின் சம்பளத்திலிருந்து வசூலிக்கும் நிதி அல்ல அது.

படி 5: தொழில் வரி

இது சிறிய தொகைதான். பிடி என்று சுருக்கமாக அச்சாகியிருக்கும், மாநகராட்சிக்குப் போகிறது. சென்னையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடுகிறார்கள். அரையாண்டு வருமானம் 75,000-க்கு மேல் என்றால் 1,250 ரூபாய். ஜூலையில் சேர்ந்தாலும் செப்டம்பருக்குள் மூன்று மாதச் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டிவிடும். சில நிறுவனங்கள் மாதம் 208 என்று பிரித்துப் பிடிக்கும், சில நிறுவனங்கள் செப்டம்பரிலும் மார்ச்சிலும் மொத்தமாகப் பிடிக்கும். நம் பெண்ணுக்கு செப்டம்பர் மாதம் 42,798-க்குப் பதில் 41,548 வந்ததற்கு அதுதான் காரணம். வருடத்துக்கு 2,500-ஐத் தாண்டிப் பிடித்தால் மட்டும் கேளுங்கள். எந்த மாநிலமும் அதற்கு மேல் வாங்க முடியாது என்று அரசியலமைப்பிலேயே வரம்பு இருக்கிறது.

படி 6: டிடிஎஸ், ஊகித்துப் பிடிக்கும் வரி

வருமான வரி ஒரு மாதச் சம்பளத்துக்குப் போடுவதல்ல. இந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, உங்களுக்கு மொத்தம் எவ்வளவு வரும் என்று பேரோல் பிரிவு ஊகிக்கிறது. அதற்கான வருட வரியைக் கணக்கிட்டு, மீதமிருக்கும் மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்கிறது. அதனால்தான் போனஸ் வந்த மாதம் திடீரென்று டிடிஎஸ் ஏறுகிறது. ஊகம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய வரி முறையில்தான் கணக்கிடுவார்கள். 2025–26 விகிதப்படி, சம்பளத்திலிருந்து 75,000 நிலையான கழிவு போக, 4 லட்சம் வரை வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15 என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் கழிவு போக 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி வந்து வரி பூஜ்யமாகிவிடும். நம் பெண்ணுக்கு முழு வருடம் வேலை பார்த்தாலும் கிராஸ் 5,49,576தான். டிடிஎஸ் பூஜ்யம்.

ஜனவரி வந்தால் இங்கே ஒரு தவறு நடக்கும். முதலீட்டுச் சான்று கொடுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெயில் வரும். வரி போய்விடுமோ என்று பயந்து, யாரோ ஒரு உறவினர் கொண்டுவந்த காப்பீட்டு பாலிசியில் வருடம் 50,000 கட்டக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். புதிய முறையில் அந்தப் பாலிசிக்குக் கழிவே இல்லை. பழைய முறையில் இருந்தாலும், இல்லாத வரியை எப்படி மிச்சப்படுத்துவது? இதில் சிக்கிய பிள்ளைகளைப் பார்த்து எனக்கு உண்மையாகவே மனம் கஷ்டப்பட்டிருக்கிறது, ஏனென்றால் நடுவில் நிறுத்தினாலும் கட்டிய பணம் முழுவதும் திரும்ப வராது. சம்பளம் 12,75,000-க்குள் இருந்து, புதிய முறையில் இருந்தால், வரிக்காக எதையும் வாங்க வேண்டாம். அதற்கு மேல் சம்பளம், வாடகையும் அதிகம், வீட்டுக் கடனும் உண்டு என்பவர்கள் மட்டும் இரண்டு முறையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பழைய முறையில் வாடகைக் கழிவுக்கு சென்னை பெருநகரக் கணக்கில் வரும்.

நடு வருடத்தில் மாறி வந்தவர்களுக்கு

புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் கல்லூரியிலிருந்து வருவதில்லை. வேறு நிறுவனத்திலிருந்து அக்டோபரில் வந்து சேர்பவர்களுக்குத்தான் டிடிஎஸ்ஸில் பெரிய அடி விழுகிறது.

ஒருவர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் நிறுவனத்தில் 5,50,000 வாங்குகிறார். அந்த நிறுவனம் வருடத்துக்கு 11 லட்சம் என்று ஊகித்தது. வரி பூஜ்யம், எதுவும் பிடிக்கவில்லை. அக்டோபரில் புது நிறுவனம். மார்ச் வரை 8,50,000. பழைய சம்பளத்தை அவர் சொல்லவில்லை. புது நிறுவனத்துக்குத் தெரிந்தது 8,50,000 மட்டும்தான், அதற்கும் வரி பூஜ்யம். மாதாமாதம் முழுச் சம்பளம் வருகிறது, அவரும் சந்தோஷமாக இருக்கிறார்.

ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது இரண்டையும் கூட்டினால் 14 லட்சம். 75,000 கழித்தால் 13,25,000. தள்ளுபடி வரம்பு தாண்டிவிட்டது. வரி 20,000, 40,000, 18,750 என்று மூன்று அடுக்காகச் சேர்ந்து 78,750. அதற்கு 4 சதவீத செஸ் சேர்த்து 81,900. நேரத்துக்குக் கட்டாததற்கு வட்டி தனி. இதில் இரண்டு நிறுவனத்தின் மீதும் தப்புச் சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்ததற்கு ஒவ்வொன்றும் சரியாகத்தான் கணக்குப் போட்டது.

தவிர்ப்பது சுலபம். புது இடத்தில் சேர்ந்த முதல் மாதமே, இந்த நிதியாண்டில் பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் எவ்வளவு என்று அதற்கான படிவத்தில் எழுதிக் கொடுங்கள். பழைய நிறுவனத்தின் கடைசி பே ஸ்லிப்பில் வருட மொத்தம் இருக்கும், அது போதும். அப்போது 81,900 ஆறு மாதத்துக்குப் பிரிந்து மாதம் 13,650-ஆகப் பிடிக்கப்படும்.

அப்படி வந்தவர்கள் பழைய பிஎஃப்பை எடுத்துவிடாமல், அதே யுஏஎன் எண்ணில் புது நிறுவனக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தச் சேவை ஐந்து வருடம் ஆவதற்கு முன் எடுத்தால் அந்தப் பணம் வரிக்குள் வரும். 50,000-ஐத் தொட்டால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். மாற்றிக்கொண்டால் பழைய நிறுவனத்தின் வருடங்களும் அந்த ஐந்தில் சேரும். கிராஜுவிட்டி மட்டும் அப்படிச் சேராது. புது நிறுவனத்தில் முதல் நாளிலிருந்துதான் எண்ணிக்கை.